சிலிக்கோன் ப்ரைமரா, நீர் ப்ரைமரா: ஃபவுண்டேஷனைப் பிடித்து நிறுத்துவது எது?

நித்யகல்யாணி

எல்லோருக்கும் வணக்கம். வருகிற வைகாசியில் திருச்சியில் எனக்குத் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்புக்கு மேக்கப் கலைஞர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறோம். மறுநாள் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கும் அவரையே அழைத்தால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பதால், அதை நானே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்து ஒரு மாதமாகப் பழகி வருகிறேன்.

சிக்கல் இதுதான். ஃபவுண்டேஷன் வாங்கப் போன கடையில், ப்ரைமர் இல்லாமல் அது இரண்டு மணி நேரம்கூட நிற்காது என்று சொல்லி, 950 ரூபாய்க்கு 30 மில்லி சிலிக்கோன் ப்ரைமர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். முகம் கழுவி, தினமும் தடவும் ஜெல் சன்ஸ்கிரீனைத் தடவி, அதன்மேல் ப்ரைமர், அதன்மேல் பிரஷ்ஷால் ஃபவுண்டேஷன் என்று போட்டேன். கன்னத்திலும் தாடையிலும் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்ததுபோல் சிறு சிறு திரிகளாக உருண்டு வந்தது. மூக்கின் இரு பக்கமும் ஃபவுண்டேஷன் ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். ஃபவுண்டேஷன் பெட்டியில் முதல் பொருளாகத் தண்ணீர் எழுதியிருப்பதால் அதற்கு நீர் ப்ரைமர்தான் சேரும் என்று சொல்லி 1,100 ரூபாய்க்கு இன்னொரு குப்பியை எடுத்துக் காட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறதா? இரண்டாவதும் வாங்கி அதுவும் வீணானால் வீட்டில் பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

மஞ்சள்முகம்

கடைக்காரர்கள் சொன்னது சரிதான் சகோதரி. தண்ணீரும் எண்ணெயும் எப்படிச் சேராதோ அப்படித்தான் நீரும் சிலிக்கோனும் சேராது. நீர் ஃபவுண்டேஷனுக்கு நீர் ப்ரைமர், சிலிக்கோன் ஃபவுண்டேஷனுக்குச் சிலிக்கோன் ப்ரைமர் என்பதுதான் விதி. பெட்டியின் பின்பக்கம் முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தால் போதும். நானும் முதலில் இந்தத் தவற்றைச் செய்து, பிறகு நீர் ப்ரைமருக்கு மாறினேன். அன்று முதல் எனக்கு உருண்டு வருவதே இல்லை. தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

செலவுக்கணக்கு

நான் இரண்டுமே வேண்டாம் என்ற கட்சி. பதினைந்து ஆண்டுகளாக மாய்ஸ்சரைசர், ஃபவுண்டேஷன், பவுடர் என்ற மூன்றோடு அலுவலகம் போய் வருகிறேன். ப்ரைமர் என்று விற்கப்படுபவற்றில் பாதி, கொஞ்சம் கெட்டியான மாய்ஸ்சரைசர்தான். ஆண்கள் சவரம் செய்தபின் தடவும் பாமை ப்ரைமராகப் போட்டு ஒரு காலத்தில் உலகமே கொண்டாடியது நினைவிருக்கலாம். அதிலிருந்த மாயப் பொருள் கிளிசரின். மருந்துக்கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. ஒரு பொருளை விற்றுவிட்டு, அது ஒத்துவரவில்லை என்றதும் இன்னொன்றை எடுத்து நீட்டும் கடையின் பேச்சை நம்பி 2,050 ரூபாயை இழக்காதீர்கள்.

கலவைக்கூடம்

பிற நிறுவனங்களின் பெயரில் விற்கப்படும் கிரீம்களையும் ஃபவுண்டேஷன்களையும் கலந்து கொடுக்கும் தொழிற்கூடம் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மஞ்சள்முகம் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் உங்களை 1,100 ரூபாய் செலவுக்கு இழுக்கிறது.

பொருள்பட்டியலில் முதலில் எழுதப்படுவது எடையில் எது அதிகமோ அது. எது வெளியே இருக்கிறது, எது உள்ளே இருக்கிறது என்பதை அந்த வரிசை சொல்லாது. இன்று விற்பனையாகும் நீண்ட நேரம் நிற்கும் திரவ ஃபவுண்டேஷன்களில் பெரும்பாலானவற்றில், தண்ணீர் மிகச் சிறிய துளிகளாகச் சிலிக்கோனுக்குள் அடைபட்டு இருக்கிறது. வெண்ணெய்க்குள் நீர்த்துளிகள் இருந்தாலும் கைக்கு அது வெண்ணெயாகத்தானே படுகிறது, அதைப் போன்றதுதான் இது. எல்லோருக்கும் தெரிந்த எஸ்டீ லாடர் டபுள் வேர் ஃபவுண்டேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டியலிலும் முதலில் தண்ணீர்தான். அதற்கு அடுத்து வருவது சைக்ளோபென்டாசிலாக்சேன், அதற்கும் அடுத்து டிரைமெத்தில்சிலாக்சிசிலிகேட் என்ற பிசின். முகத்தின்மேல் அது நடந்துகொள்வது சிலிக்கோன் பூச்சாக.

உங்களுடையது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கண்ணாடித் தம்ளரில் குழாய்த் தண்ணீர் எடுத்து, பட்டாணி அளவு ஃபவுண்டேஷனை விட்டு, பல்குத்தும் குச்சியால் பத்துச் சுற்றுக் கலக்குங்கள். பால் ஊற்றியதுபோல் தண்ணீர் முழுவதும் கலங்கினால் வெளியே இருப்பது நீர். மிதந்தாலும் மூழ்கினாலும் உருண்டையாகவோ துணுக்குகளாகவோ பிரிந்து நின்று, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வெளியே இருப்பது சிலிக்கோனோ எண்ணெயோ. முடிவை இங்கே எழுதுங்கள், பிறகு பேசலாம்.

உருண்டு வந்ததற்கு நான் சந்தேகப்படுவது ஃபவுண்டேஷனை அல்ல, அடியில் இருந்த சன்ஸ்கிரீனை. ஜெல் வகைகளைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பாலிமர், காயும்போது மெல்லிய ஏடாக மாறும். அந்த ஏடு பாதி காய்ந்திருக்கும் நேரத்தில், மாவு போன்ற சிலிக்கோன் துகள்கள் நிறைந்த ப்ரைமரை விரலால் தேய்த்தால் ஏடு பிய்ந்து துகளோடு சேர்ந்து திரியாக உருளும். இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்களாக இருந்தாலும் இது நடக்கும். சன்ஸ்கிரீனுக்கும் ப்ரைமருக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டீர்கள்?

நித்யகல்யாணி

நேரமே விடவில்லை. காணொளிகளில் அடுத்தடுத்துப் போடுவதைப் பார்த்து அப்படியே செய்தேன்.

தம்ளர் சோதனையை இப்போதுதான் செய்தேன். குச்சியால் எவ்வளவு கலக்கியும் கரையவில்லை. சிறு சிறு மணிகளாக உடைந்து அடியில் தங்கிவிட்டது. மேலே தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. அப்படியானால் என் ஃபவுண்டேஷன் சிலிக்கோன் வகையா? கடையில் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்களே.

கலவைக்கூடம்

ஆமாம். வெளிப்பக்கம் சிலிக்கோன்தான். கடையின் விதிப்படியே பார்த்தாலும், முதலில் கொடுத்த ப்ரைமர்தான் அதற்குப் பொருத்தமானது. ஆனால் அந்த விதியே அவ்வளவு கண்டிப்பானது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகக் காய்ந்த நீர் ப்ரைமரின்மேல் சிலிக்கோன் ஃபவுண்டேஷன் பெரும்பாலும் ஒழுங்காகவே உட்காரும். கீழே இருப்பது ஈரமாக இருக்கும்போது மேலே தேய்ப்பதுதான் குற்றம்.

சலங்கைஅம்மா

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்ததும் போன மாதம் நடந்தது புரிந்ததுபோல் இருக்கிறது. என் மகளின் நடன நிகழ்ச்சிக்குப் பான்கேக் போடும் முன், முகம் வழவழப்பாக இருக்கட்டும் என்று என் தங்கை அவளுடைய சிலிக்கோன் ப்ரைமரைக் குழந்தையின் முகம் முழுக்கத் தடவிவிட்டாள். ஈரப் பஞ்சால் பான்கேக்கை ஒற்ற ஒற்ற, தாமரை இலைமேல் தண்ணீர் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றதே தவிர, ஒட்டவே இல்லை. நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். கடைசியில் முகத்தைக் கழுவிவிட்டு முதலிலிருந்து போட்டோம். அதற்குள் நட்டுவாங்கம் செய்யும் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

அடுத்த முறை நீர் ப்ரைமர் போடலாமா? குழந்தைக்கு வயது ஒன்பது. நீர் வகை என்றால் தோலுக்குப் பாதுகாப்பானது, வெறும் தண்ணீரிலேயே போய்விடும் என்றுதானே பொருள்?

கலவைக்கூடம்

அம்மா, மஞ்சள்முகம் சொன்ன விதி முழுமையாகப் பொருந்துவது உங்களுடைய இடத்தில்தான். பான்கேக் உண்மையிலேயே தண்ணீரால் கரைத்துப் பூசுவது, சிலிக்கோன் தண்ணீரை விலக்குவது. ஆகவே அங்கே அது ஆகாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அப்படிப் பொருள் இல்லை. நீர் ப்ரைமர்களிலும் ஏடு கட்டும் பாலிமர்கள், நறுமணம், பதப்படுத்திகள் எல்லாம் இருக்கலாம். சிலவற்றைக் கழுவ நல்ல ஃபேஸ்வாஷ் வேண்டியிருக்கும். ஒன்பது வயதுத் தோலில் துளைகளை மறைக்க என்ன இருக்கிறது? வழக்கமாகப் போடும் லேசான மாய்ஸ்சரைசரைக் கால் மணி நேரம் முன்பே தடவி, மேலே மிச்சம் இருப்பதை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பான்கேக் போடுங்கள்.

ஒப்பனை_அறை

மதுரையில் பதினான்கு ஆண்டுகளாக மணப்பெண் ஒப்பனை செய்து வருகிறேன். மருந்துக் கணக்கு எனக்குத் தெரியாது. முகங்களைத் தெரியும்.

செலவுக்கணக்கு சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். அவர் போய் வருவது அலுவலகம். முகூர்த்தப் பெண் ஓமகுண்டத்தின் முன்னால் ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பாள். புகையில் கண் கலங்கும், மாலை கழுத்தில் கனக்கும், வீடியோக்காரர் ஒளிவிளக்கை இரண்டு முழ தூரத்தில் பிடித்திருப்பார். அந்த வெக்கையில் மூக்கின் இரு பக்கமும் புருவ நடுவும் முதலில் உடையும். அந்த இடங்களில் சிலிக்கோன் ப்ரைமர் வேலை செய்வதை எத்தனையோ முகத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது ஃபவுண்டேஷனைப் பிடித்து நிறுத்துகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அது பள்ளத்தை நிரப்புகிறது. துளைக்குள் ஃபவுண்டேஷன் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரிவதைத் தள்ளிப் போடுகிறது. அதை முகம் முழுக்கப் பூசுவதுதான் தவறு. தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமாக இருந்தால் மாவு பரவாமல் கரண்டியோடு சேர்ந்து வரும் அல்லவா, அதே கதைதான் கன்னத்தில் நடக்கும். நித்யகல்யாணி, உங்களுக்கு மூக்குப் பக்கம் வழுக்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். எவ்வளவு எடுத்தீர்கள்?

நித்யகல்யாணி

பெரிய பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தடவினேன் அக்கா. மூக்கில் மட்டும் துளைகள் அதிகம் என்பதால் இன்னொரு முறையும் தடவினேன்.

ஒப்பனை_அறை

பாதிப் பட்டாணிக்கும் குறைவாக எடுங்கள். நடுவிரல் நுனியில் வைத்து, மூக்கு, மூக்கை ஒட்டிய கன்னம், புருவ நடு, தாடைக்குழி ஆகிய இடங்களில் மட்டும் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, விரலால் தொட்டால் வழுக்காமல் துணி போல் மிருதுவாக இருக்கும் நிலையில் ஃபவுண்டேஷன் போடுங்கள். மூக்கின்மேல் பிரஷ்ஷை இழுக்காதீர்கள், ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள். சன்ஸ்கிரீன் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்குள் தேவைப்படாது, அன்று காலை அதை விட்டுவிட்டு மாய்ஸ்சரைசர் மட்டும் போடலாம். பத்து மணிக்குமேல் வெளியே நின்று படம் எடுப்பதாக இருந்தால் அது வேறு கணக்கு.

மஞ்சள்முகம்

பெட்டியில் முதல் பொருளைப் பார்க்கச் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் நீர் ப்ரைமர் பிடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறேனே. தடவிய இரண்டு நிமிடத்தில் கன்னத்தில் விரலை வைத்தால் விரல் ஒட்டிக்கொண்டு வருகிறது. சிலிக்கோனில் அந்தப் பிடிப்பு இல்லவே இல்லை. பிடிப்பு என்ற பெயரிலேயே விற்கும் வகைகளும் வந்துவிட்டன. அவை எல்லாம் பொய்யா?

கலவைக்கூடம்

பொய் இல்லை. அந்த ஒட்டும் தன்மை உண்மையானது. கிளிசரினும் பாலிமரும் சேர்ந்து கொடுப்பது அது. பூசும் நேரத்தில் ஃபவுண்டேஷன் நகராமல் விழுந்த இடத்திலேயே நிற்க அது உதவுகிறது, அதனால் குறைந்த அளவிலேயே நிறம் மூடும். வறண்ட தோலுக்கு நான் அதையே சொல்வேன்.

ஐந்து மணி நேரம் கழித்தும் நிற்குமா என்பது வேறு கேள்வி. அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு ஃபவுண்டேஷனுக்குள் இருக்கும் பிசினுடையது. மேலே நான் சொன்ன சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற கரைப்பான்கள் சில நிமிடங்களில் ஆவியாகிவிட, பிசினும் நிறமியும் மட்டும் ஏடாக மிஞ்சுகின்றன. அடியில் என்ன இருந்தாலும் அந்த ஏடு கட்டிக்கொள்கிறது. அப்படிப் பிசின் உள்ள ஃபவுண்டேஷனுக்கு ப்ரைமர் கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான். பிசின் இல்லாத லேசான ஃபவுண்டேஷனை ப்ரைமர் ஒன்றால் மட்டும் நாள் முழுக்க நிறுத்தவும் முடியாது.

கிளிசரினில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையில் சற்று நேரத்தில் அடங்கிவிடும் ஒட்டல், கடலோர ஊரின் புழுக்கத்தில் அடங்காமலேயே இருக்கும். கன்னத்தில் முடி ஒட்டும், கைப்பேசி ஒட்டும், மாலையிலிருந்து உதிரும் ரோஜா இதழ்கூட ஒட்டும்.

செலவுக்கணக்கு

நான் சொன்னதையே நீங்களும் சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். நிறுத்துவது ஃபவுண்டேஷன் என்றால் ப்ரைமருக்கு எதற்குப் பணம்?

கணக்கையும் போட்டுவிடுகிறேன். 30 மில்லி குப்பி 950 ரூபாய். ஒரு முறைக்கு அரை மில்லி என்றால் 60 முறை வரும், ஒரு முறைக்கு ஏறக்குறைய 16 ரூபாய். கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் குப்பியின் பின்னால் திறந்த மூடி படத்துக்குள் 12 என்று எழுதியிருந்தால், திறந்தபின் பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று பொருள். மாதம் ஒரு விசேஷத்துக்குப் போகிறவர் ஆண்டில் பன்னிரண்டு முறைதான் போடுவார். அவருக்கு ஒரு முறைக்கு 79 ரூபாய் ஆகிறது, மிச்சம் 48 முறைக்கானது குப்பைக்குப் போகிறது. ஒப்பனை_அறை சொல்வதுபோல் மூக்கில் மட்டும் வைத்தால் வீணாவது இன்னும் அதிகம்.

ஒப்பனை_அறை

கணக்கு சரி. அதனால்தான் தினமும் மேக்கப் போடாதவர்களிடம் சிறிய குப்பி கிடைத்தால் மட்டும் வாங்கச் சொல்கிறேன். ஆனால் இவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். இனி கேட்க வேண்டியது, கையில் இருப்பது பயன்படுகிறதா, இரண்டாவது தேவையா என்பதுதான்.

நித்யகல்யாணி, எங்கள் பேச்சை நம்ப வேண்டாம். பாதி முகத்தில் போட்டுப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாய்ஸ்சரைசர், பத்து நிமிட இடைவெளி. ஒரு பக்கம் மட்டும் ப்ரைமர். ஃபவுண்டேஷனை ஒரே அளவாக இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பவுடரும் செட்டிங் ஸ்ப்ரேயும் போடக்கூடாது, போட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். மின்விசிறி மட்டும் உள்ள அறையில், முடிந்தால் அடுப்படியில் வேலை செய்துகொண்டே இருங்கள். ஒரு மணி, மூன்று மணி, ஐந்து மணி நேரத்தில் ஒற்றை மடிப்பு டிஷ்யூவைத் துடைக்காமல் அழுத்தி எடுத்து, கறையைப் பாருங்கள். படத்தை ஒரே சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அடுத்த ஞாயிறு பக்கத்தை மாற்றிப் போடுங்கள். வலது கைப்பழக்கம் உள்ளவர்கள் ஒரு பக்கம் அழுத்தியும் மறுபக்கம் மெதுவாகவும் பூசுவார்கள், கைப்பேசியும் எப்போதும் ஒரே காதில்தான் இருக்கும்.

நித்யகல்யாணி

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிட்டன. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதல் ஞாயிறு இடப்பக்கம் சிலிக்கோன் ப்ரைமர், வலப்பக்கம் எதுவும் இல்லை. சன்ஸ்கிரீனையும் விட்டுவிட்டேன். இம்முறை ஒரு திரிகூட உருளவில்லை, கலவைக்கூடம் ஐயா சொன்னது அங்கேயே புரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் இரு பக்கமும் ஒன்றுதான். மூன்று மணி நேரத்தில் வலப்பக்க மூக்கோரத்தில் ஃபவுண்டேஷன் துளைகளுக்குள் இறங்கி, ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இடப்பக்கம் பளபளப்பு வந்திருந்தது, புள்ளி வரவில்லை. கன்னத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. டிஷ்யூவில் இரண்டு கறையும் ஒரே நிறம். ஐந்து மணி நேரத்தில் இடப்பக்க மூக்கிலும் புள்ளிகள் தொடங்கின, ஆனால் குறைவு.

இரண்டாம் ஞாயிறு பக்கத்தை மாற்றினேன். மூக்கில் அதே முடிவு. ஆனால் ஒரு தவறு செய்தேன். மிச்சம் இருந்த ப்ரைமரைச் சிரிப்புக்கோடு வரை இழுத்துவிட்டேன். அங்கே மட்டும் மூன்றாவது மணி நேரத்தில் ஃபவுண்டேஷன் ஒரு கோடாகச் சேர்ந்துவிட்டது. எதுவும் போடாத பக்கத்தில் அந்த இடம் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் ஞாயிறு என் சித்தி மகளிடமிருந்து நீர் ப்ரைமரை ஒரு சிறு டப்பாவில் வாங்கி வந்து, வலப்பக்கம் அது, இடப்பக்கம் சிலிக்கோன் என்று போட்டேன். பூசும்போது வலப்பக்கம் ஃபவுண்டேஷன் குறைவாகவே தேவைப்பட்டது. மூன்று மணி நேரத்தில் வலக்கன்னத்து டிஷ்யூவில் கறை கண்கூடாக லேசாக இருந்தது. ஆனால் மூக்கில் துளைகள் ஆரம்பத்திலிருந்தே தெரிந்தன, முடி வந்து வந்து கன்னத்தில் ஒட்டியது, அம்மா முத்தம் கொடுக்க வந்தவர் "என்னடி, பிசுபிசுன்னு இருக்கு" என்று விலகிவிட்டார்.

மஞ்சள்முகம்

பார்த்தீர்களா, கன்னத்தில் கறை குறைவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்கிறது என்று நான் சொன்னதும் அதுதான்.

கலவைக்கூடம்

அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஃபவுண்டேஷனே குறைவாகத்தான் போயிருக்கிறது. குறைவாகப் போட்டால் கறையும் குறையத்தான் செய்யும். மெல்லிய பூச்சு எப்போதும் கெட்டியான பூச்சைவிட நன்றாக நிற்கும். அது ப்ரைமரின் பிடிப்பா, பூச்சின் மெலிவா என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. ப்ரைமரே இல்லாமல் வேண்டுமென்றே குறைவாகப் போட்ட பக்கத்தோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். மேலும் இது ஒரே ஒரு முகம், மூன்று நாள். வறண்ட தோலில் முடிவு மாறலாம்.

செலவுக்கணக்கு

ஆக, மூக்கில் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் புள்ளி வராமல் இருக்க 950 ரூபாய்.

ஒப்பனை_அறை

திருமண ஆல்பத்தில் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் படம் எடுக்கிறார்கள், சகோதரி.

நித்யகல்யாணி

நான் முடிவு செய்திருப்பது இது. இரண்டாவது குப்பி வாங்கப் போவதில்லை. மூக்கிலும் புருவ நடுவிலும் மட்டும் சிலிக்கோன் ப்ரைமர், கன்னத்தில் மாய்ஸ்சரைசர் மட்டும், ஃபவுண்டேஷனை வழக்கத்தைவிடக் குறைவாக எடுத்துப் பஞ்சால் ஒற்றுவது. வரவேற்புக்கு வரும் கலைஞர் அவருடைய முறைப்படி செய்யட்டும், அதில் நான் தலையிடவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. மூன்று ஞாயிறும், எந்தப் பக்கம் என்ன போட்டாலும், மேலுதட்டின்மேல் வியர்வை முத்து முத்தாக அரும்பி இரண்டு மணி நேரத்துக்குள் ஃபவுண்டேஷன் போய்விடுகிறது. அங்கே எந்த ப்ரைமர் வைப்பது?

கலவைக்கூடம்

அங்கே இரண்டுமே உதவாது என்பதுதான் என் எண்ணம். சிலிக்கோன் மேலிருந்து வரும் தண்ணீரை விலக்கும். வியர்வை கீழிருந்து பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நீர் ப்ரைமரோ அந்த வியர்வையிலேயே இளகத் தொடங்கிவிடும்.

ஒப்பனை_அறை

நான் அங்கே ப்ரைமரை வைத்ததே இல்லை. ஃபவுண்டேஷனையும் நேராக வைப்பதில்லை, பஞ்சில் மிச்சம் இருப்பதை மட்டும் ஒற்றி, கொஞ்சம் பவுடரை அழுத்தி விடுவேன். வியர்த்தால் துணைக்கு நிற்கும் பெண்ணிடம் டிஷ்யூ கொடுத்து ஒற்ற மட்டும் சொல்லுங்கள். துடைத்தால் ஓரம் தெரியும்.

மஞ்சள்முகம்

எனக்கு நீர் ப்ரைமர் மேலுதட்டில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் நான் இருப்பது கொடைக்கானலில்.

நித்யகல்யாணி

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா! வரும் ஞாயிறு மேலுதட்டில் பவுடரை மட்டும் வைத்து, அடுப்படியில் நின்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.